பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் தரை டைல்ஸ்: பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குவது எப்படி?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் அக்கா வீடு கட்டி முடியும் நேரம். கடையில் வெள்ளை நிறத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் இரண்டடி டைல் ஒன்றைப் பார்த்துவிட்டு, "அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் இதையே போட்ருவோம்டா தம்பி" என்றார். நான் டைலைப் பார்க்கவில்லை, அது வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பினேன். டைலின் முகம் ஒன்றும் சொல்லாது, விஷயமெல்லாம் பெட்டியின் பக்கவாட்டில்தான் அச்சாகி இருக்கும். அன்றைக்குப் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில்: எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

பெட்டியில் ஐ.எஸ். 15622 என்ற இந்தியத் தர எண்ணும், அதன் பக்கத்தில் பி என்ற எழுத்தோடு ஒரு குரூப் பெயரும் இருக்கும். டைல் தன் எடையில் எத்தனை சதவீதம் தண்ணீரை உறிஞ்சும் என்பதைத்தான் அந்தக் குரூப் சொல்கிறது. பி ஒன்று ஏ என்றால் அரை சதவீதத்துக்குள். கடைக்காரர்கள் விட்ரிஃபைடு என்பது இதைத்தான். பி ஒன்று பி என்றால் 3 சதவீதம் வரை, பி இரண்டு ஏ 6 வரை, பி இரண்டு பி 10 வரை. பி மூன்று என்றால் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது சுவருக்கு ஒட்டுவது. அதைத் தரையில் போடக்கூடாது. (ரோமன் எண்ணில் அச்சடித்திருப்பார்கள், கோடுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.)

நம் பக்கம் இது முக்கியமாவதற்குக் காரணம் உப்பு. நிறைய வீடுகளில் புழக்கத்துக்குக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். உறிஞ்சும் டைலின் உள்ளே உப்பும் சேர்ந்து போகும். தண்ணீர் காயும்போது உப்பு படிகமாகி இடம் கேட்டுத் தள்ளும். ஓரத்தில் வெள்ளைப் பூ பூக்கும், பிறகு மேல்பூச்சு செதிள் செதிளாகப் பெயரும். என் சொந்த வீட்டுப் பாத்ரூமிலேயே, மிச்சமிருந்த சுவர் டைலைத் தரைக்குப் போட்டு இந்தப் பாடம் படித்தேன். இரண்டு மழைக்காலம்கூட தாங்கவில்லை.

பெட்டி இல்லாமல் தனி டைல் காட்டினால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து சமையல் தராசில் எடை போடுங்கள். பிறகு 24 மணி நேரம் வாளியில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். அக்காவுக்குக் காட்டிய மலிவான ஓரடி செராமிக் டைல் காய்ந்தபோது 1420 கிராம், ஊறியபின் 1491.

```
(1491 - 1420) / 1420 × 100 = 5
```

5 சதவீதம். அதே அளவு விட்ரிஃபைடு டைல் 1650-லிருந்து 1654 ஆனது, கால் சதவீதம்தான். ஆய்வகத்தில் கொதிக்கவைத்தோ வெற்றிடத்திலோ சோதிப்பதால் உண்மையான எண் இதைவிடக் கொஞ்சம் கூடும். இரண்டு டைலை ஒப்பிட வாளிச் சோதனை போதும்.

ஒன்றைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடிக்காத டைல் வெறும் சிமெண்டுப் பாலையும் குடிக்காது, பிடிக்காது. டைல் ஒட்டும் பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் காசால் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும். விட்ரிஃபைடு டைலை ஒட்டுமுன் தண்ணீரில் ஊறப்போடுவதும் வீண் வேலை.

அடுத்து: வழுக்குமா?

கடையில் "ஆன்டி ஸ்கிட்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தை அளவு கிடையாது. ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று 13 வரை போகும் எண்தான் அளவு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் பூட்ஸ் போட்ட ஒருவர் நடந்து, எத்தனை டிகிரி சாய்வில் சறுக்குகிறார் என்று பார்ப்பார்கள். ஆர் 9 என்றால் 6 முதல் 10 டிகிரி. ஆர் 10 என்றால் 19 வரை, ஆர் 11 என்றால் 27 வரை. இந்தக் கணக்கு 9-இல்தான் தொடங்குகிறது. "ஆர் 9 சார், நல்ல கிரிப்" என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டுவது அடிப்படி என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் வீட்டில் யார் பூட்ஸோடு குளிக்கிறார்கள்? அதற்கு ஏ, பி, சி என்று தனிப் பிரிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து பார்ப்பது. ஏ என்றால் குறைந்தது 12 டிகிரி, பி என்றால் 18, சி என்றால் 24. பாத்ரூமுக்கு இந்த வெறுங்கால் பிரிவில் பி கிடைத்தால் அதை எடுங்கள். அது அச்சாகவில்லை என்றால் ஆர் 11. அடுப்படிக்கு ஆர் 10 போதும். அதற்கு மேல் சொரசொரப்பாக வேண்டாம் என்பது என் கருத்து. விளமீன் செதிலும் குழம்பு எண்ணெயும் அந்தக் குழிகளில் உட்கார்ந்துவிட்டால் துடைப்பவர் பாடு திண்டாட்டம்.

கடையிலேயே ஒரு சோதனை: சாக்கை விரித்து டைலை அதன்மேல் வைத்து, தண்ணீரும் ஒரு சொட்டு ஷாம்பும் விடுங்கள். ஏறி நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடி குதிகாலை அழுத்தித் தேய்த்தாலே தெரியும். பளபளப்பான டைலில் தண்ணீர் படலமாக நின்று காலைத் தூக்கிவிடும். சொரசொரப்பில் சின்னச் சின்ன மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு தோலைத் தொடும். அக்கா குதிகாலைத் தேய்த்துப் பார்த்த பிறகு அந்த வெள்ளை டைல் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த எண் புது டைலுக்குத்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகப் படியும். அது மேடுகளுக்கு இடையே நிறைந்தால் ஆர் 11-ம் வழுக்கும். வாரம் ஒருமுறை சோப்புத்தூளும் பிரஷும் போட்டுத் தேய்த்து, கடைசியாகக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் அலசுங்கள். ஆசிட் ஊற்றினால் இடுக்குச் சிமெண்டு அரித்துப்போகும்.

கிரேடு

பிரீமியம், ஸ்டாண்டர்டு, கமர்ஷியல் என்று பெட்டியில் இருப்பது வழுக்கலைப் பற்றியோ உறிஞ்சலைப் பற்றியோ சொல்லாது. தோற்றக் குறை, அளவு, நிறம் பார்த்துப் பிரித்ததுதான் அது. சர்வதேச விதிப்படி முதல் தரம் என்றால் 100 டைலில் குறைந்தது 95-இல் கண்ணுக்குத் தெரியும் குறை இருக்கக்கூடாது. கீழ்த்தரங்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒரே வகையில் ஸ்டாண்டர்டு மலிவாகக் கிடைத்தால், தரை கட்டிலுக்கு அடியில் மறைந்துபோகும் அறைக்கு வாங்கலாம். பாத்ரூமில் அளவு பிசகினால் இடுக்கு கோணும், வாட்டமும் சரியாக வராது.

கிரேடைவிட நான் பார்ப்பது, எந்தத் தடவை தயாரித்தது என்று சொல்லும் பேட்ச் எண். எல்லாப் பெட்டியிலும் அதுவும், நிறச்சாயலைச் சொல்லும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்கு

அக்கா வீட்டுப் பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி, 35 சதுர அடி. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 38.5. ஓரடி டைல் பெட்டியில் 9.69 சதுர அடி என்று அச்சிட்டிருந்தது. நான்கு பெட்டி மயிரிழையில் போதும் என்பதால் ஐந்து எடுத்தோம். பாத்ரூமுக்குச் சின்ன டைல் எடுத்ததற்குக் காரணம், 7 அடியில் ஓர் இஞ்ச் வாட்டம் கொடுத்துத் தண்ணீர்க் குழிக்குத் திருப்ப அதுதான் வளைந்துகொடுக்கும். இடுக்குகள் கூடுவதால் காலுக்கும் பிடி. அடுப்படி 10க்கு 8, சேதாரத்தோடு 88. இரண்டடி டைல் பெட்டிக்கு 15.5 சதுர அடி, ஆறு பெட்டி.

வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பெட்டியின் பேட்ச் எண்ணையும் போனில் படம் எடுத்துவைத்தேன். பதினொன்றில் ஒன்று வேறு ஷேடு. ஒட்டுவதற்கு முன்பே தெரிந்ததால் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.