டாப்-அப் லோன் ஆஃபர் வந்தா ஈஎம்ஐ-யை மட்டும் பார்த்துட்டு ஓகே சொல்லிடாதீங்க

வீட்டுக்கடன் ஓடிட்டு இருக்குறவங்களுக்கு பேங்க்லருந்து அடிக்கடி வர்ற மெசேஜ் இது, உங்களுக்கு டாப்-அப் ரெடியா இருக்கு, பேப்பர் ஒண்ணும் வேண்டாம், ஈஎம்ஐ கூட ஏறாதுன்னு. அந்த கடைசி வார்த்தையை தான் முதல்ல சந்தேகப்படணும். கூடுதலா கடன் வாங்கியும் ஈஎம்ஐ ஏறலன்னா, வேற எங்கயோ ஏதோ நீண்டிருக்குன்னு அர்த்தம்.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். ஒருத்தருக்கு பழைய கடன்ல அசல் பாக்கி 28 லட்சம், வட்டி 8.4%, இன்னும் 12 வருஷம் இருக்கு, ஈஎம்ஐ ஏறக்குறைய 30,930 ரூபா. இவருக்கு 6 லட்சம் டாப்-அப் வேணும். பேங்க் என்ன சொல்லுதுன்னா, ரெண்டையும் சேர்த்து 34 லட்சமா ஒரே லோன் ஆக்கிடலாம் சார், வட்டி 9%, 20 வருஷம், ஈஎம்ஐ 30,590 தான் வரும்னு. கையில 6 லட்சமும் வருது, மாசம் 340 ரூபா குறையவும் செய்யுது! யாரு வேண்டாம்னு சொல்லுவா?

இப்ப மொத்த வட்டியை பாருங்க. இந்த ஒரே லோன்ல 20 வருஷத்துக்கு கட்டுற வட்டி சுமார் 39.4 லட்சம். பழைய கடனை தொடாம அப்படியே 8.4%-ல விட்டுட்டு, 6 லட்சத்தை மட்டும் தனி கணக்கா 9%-ல அதே 12 வருஷத்துக்கு வாங்கினா, டாப்-அப் ஈஎம்ஐ சுமார் 6,830, ரெண்டும் சேர்த்து மாசம் 37,750 வரும், ஆனா ரெண்டுக்கும் சேர்த்து வட்டி 20.4 லட்சம் தான். வித்தியாசம் 19 லட்சம்.

இதுல எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, அந்த 19 லட்சமும் வட்டி விகிதம் ஏறினதால தான்னு நினைச்சு 8.4-க்கும் 9-க்கும் பேரம் பேசிட்டு இருப்பாங்க. அதே 34 லட்சத்தை 9%-லயே 12 வருஷத்துக்கு போட்டு பாருங்க, ஈஎம்ஐ 38,690, வட்டி 21.7 லட்சம். அதாவது விகிதம் ஏறினதால வந்த அடி ஏறக்குறைய 1.35 லட்சம் தான், மிச்சம் பதினேழே முக்கால் லட்சம் காலத்தை 8 வருஷம் நீட்டினதால வந்தது. 1.35 லட்சமும் சின்ன காசு இல்ல, 6 லட்சத்துக்கு வேண்டிய விகிதத்தை பழைய 28 லட்சத்துக்கும் சேர்த்து ஏத்துறதுக்கு கொடுக்குற விலை அது. அதனால முதல் கேள்வி இதுதான்: டாப்-அப் தனி லோன் நம்பர்ல வருமா, இல்ல பழசை க்ளோஸ் பண்ணி புதுசா போடுறீங்களா? இதை மெயில்ல கேளுங்க, போன்ல சொல்றதெல்லாம் கணக்குல வராது.

அடுத்தது பாக்கித் தொகை. ஆஃபர்ல போட்டிருக்குற அவுட்ஸ்டாண்டிங், அந்த ஆஃபர் ரெடியான அன்னைக்கு இருந்த கணக்கா இருக்கலாம், நடுவுல நீங்க பார்ட் பேமெண்ட் கட்டியிருந்தா அது அந்த கணக்குல ஏறாமலே இருக்கும். இன்னைய தேதி போட்ட ஸ்டேட்மெண்ட் எடுத்து அசல் பாக்கியை மட்டும் பாருங்க. பழசை மூடுற மாதிரி இருந்தா மூடுற தொகை அசலை விட கொஞ்சம் கூட தான் இருக்கும், போன ஈஎம்ஐ-க்கு அப்புறம் ஓடின நாளுக்கு வட்டி சேரும் இல்லையா. 28 லட்சத்துக்கு 8.4%-ன்னா ஒரு நாளைக்கு சுமார் 644 ரூபா, 20 நாள் ஆச்சுன்னா 12,900 கிட்ட. வித்தியாசம் அந்த அளவுல இருந்தா சரி. 40,000, 50,000-ன்னு வந்தா பழைய அபராதமோ, பவுன்ஸ் சார்ஜோ, ஏதோ இன்சூரன்ஸோ உள்ள உக்காந்திருக்கு, வரிவரியா பிரிச்சு கேளுங்க. கேக்காம விட்டா அதுவும் புது அசலாகி வருஷக்கணக்கா வட்டி போடும்.

விகிதத்துல இன்னொண்ணு. ஏறி இறங்குற ஃப்ளோட்டிங் வட்டின்னா 9%-ங்கிறது இன்னைக்கு நிலவரம் மட்டும், நிக்கப்போறது ஸ்ப்ரெட், அதாவது அடிப்படை விகிதத்துக்கு மேல அவங்க சேர்க்குற பங்கு. பேங்க்னா பெரும்பாலும் ரெப்போ ரேட் ப்ளஸ் இவ்வளவுன்னு இருக்கும், ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனின்னா பிஎல்ஆர்-ங்கிற அவங்களோட சொந்த அடிப்படை விகிதத்துல இருந்து கழிச்சு சொல்லுவாங்க. பழைய சாங்ஷன் லெட்டரையும் புதுசையும் பக்கத்துல வச்சு ரெண்டுலயும் அடிப்படை எது, அதுக்கு மேல எவ்வளவுன்னு பாருங்க. பழசு இன்னும் எம்சிஎல்ஆர்-ங்கிற பழைய அடிப்படை விகிதத்துலயே கிடந்தா டாப்-அப் பேசுற நேரம் தான் அதையும் மாத்தச் சொல்லி கேக்க நல்ல நேரம், அப்ப அவங்களுக்கும் பிசினஸ் வேணும்ல.

ஃபீஸ்ல ஏமாறுற இடம் எதுன்னா, எத்தனை பர்சென்ட்னு கேப்பாங்க, எதுக்கு மேல பர்சென்ட்னு கேக்க மாட்டாங்க. அரை பர்சென்ட் ப்ராசஸிங் ஃபீ 6 லட்சத்துக்குன்னா 3,000, ஜிஎஸ்டி 18% சேர்த்து 3,540. அதே அரை பர்சென்ட் 34 லட்சத்துக்குன்னா 20,060! பழைய 28 லட்சத்துக்கு முன்னாடியே ஃபீ கட்டியாச்சு, மறுபடி ஏன் கட்டணும்னு தாராளமா கேக்கலாம், கேட்டா குறைக்கவும் செய்யுறாங்க. இதுக்கு மேல லீகல், வேல்யுவேஷன், வீட்டுப் பத்திரத்தை அடமானமா வைக்கிற எம்ஓடி பதிவு செலவு தனி.

இன்சூரன்ஸ் தான் சத்தமில்லாம வர்றது. 45,000 ப்ரீமியத்தை கடன்லயே சேர்த்துட்டாங்கன்னு வைங்க, 6 லட்சத்துல அதுவும் அந்த 20,060-ம் போக அக்கவுண்ட்ல விழுறது 5,34,940 தான், வட்டி மட்டும் முழு 6 லட்சத்துக்கு. நான் பார்த்த வரைக்கும் இந்த ஒரு வரியை யாரும் கையெழுத்துக்கு முன்னாடி படிக்கிறதே இல்ல.

இதையெல்லாம் ஒரே இடத்துல பார்க்க ஒரு வழி இருக்கு, கேஎஃப்எஸ்னு சொல்ற முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1-லருந்து சாங்ஷன் ஆகுற ரீடெய்ல் கடனுக்கு இதை கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் விதி, ஏற்கனவே கஸ்டமரா இருக்குறவங்க வாங்குற புது கடனுக்கும் சேர்த்து. அதுல எல்லா செலவும் சேர்ந்த வருடாந்திர விகிதம், அதான் ஏபிஆர், போட்டிருக்கும், இன்சூரன்ஸ் மாதிரி வேற கம்பெனிக்காக வசூல் பண்றதும் அதுல வரணும். அதுல இல்லாத சார்ஜை உங்க சம்மதம் இல்லாம நடுவுல பிடிக்க முடியாது. புரியுற மொழில தரணும், படிச்சு முடிவெடுக்க குறைஞ்சது 3 வேலை நாள் டைமும் உண்டு, அதனால "இன்னைக்கே ஓடிபி சொல்லுங்க, ஆஃபர் முடிஞ்சிடும்"னு யாராவது அவசரப்படுத்தினா கேஎஃப்எஸ் அனுப்புங்கன்னு சொல்லிட்டு போனை வைங்க.

மாசம் 37,750 கட்ட முடியாத நிலைமை சிலருக்கு நிஜமாவே இருக்கும், அவங்க நீட்டுறது தப்பு இல்ல. அப்படி எடுத்தா கையில காசு வரும்போதெல்லாம் அசல்ல கட்டுங்க, பர்சனல் தேவைக்கு தனிநபர் வாங்குற ஃப்ளோட்டிங் கடனுக்கு முன்கூட்டி கட்டுறதுக்கு சார்ஜ் கிடையாது. ஆனா அப்ளிகேஷன்ல நோக்கம்ங்கிற இடத்துல பிசினஸ்னு டிக் ஆகியிருந்தா அந்த சலுகை அப்படியே கிடைக்கும்னு நம்பிடாதீங்க, ஏஜென்ட் ஃபில் பண்ணிக் கொடுத்த ஃபார்ம்னா அந்த கட்டத்தை நீங்களே ஒரு தடவை பாருங்க. கட்டுறப்போ ஈஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தை குறைங்கன்னு எழுதிக் கொடுங்க.