முகாமைத்துவக் கடிதம்: எந்தக் குறையை முதலில் எழுதுவது?

கணக்காய்வு முடிந்ததும் வேலைத்தாள்களில் குறித்துவைத்த குறைகளைக் கடிதமாக எழுத வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது அவற்றை வரிசைப்படுத்தும் இடத்தில்தான்.

திருகோணமலையில் மீன் வாங்கி ஐஸ் லொறியில் கொழும்புக்கு அனுப்பும் ஒரு சிறிய கொம்பனியைக் கற்பனை செய்வோம். அலுவலகத்தில் நான்கு பேர். இரண்டு குறைகள் அகப்படுகின்றன. ஒன்று, சில்லறைக் காசில் 17 செலவுகளுக்குப் பில் இல்லை. மொத்தம் 38,000 ரூபாய். மற்றது, காசை வாங்குவது, பற்றுச்சீட்டு எழுதுவது, வங்கியில் போடுவது, வங்கி இணக்கக் கூற்றைத் தயாரிப்பது எல்லாம் ஒரே காசாளர். ஆனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

படி 1: வரிசைப்படுத்துங்கள். 17 என்ற எண்ணைப் பார்த்துச் சில்லறைக் காசை மேலே போடத் தோன்றும். போடாதீர்கள். எவ்வளவு போயிற்று என்பதைவிட, எவ்வளவு போகக்கூடும், போனால் வேறு யாராவது கண்டுபிடிப்பார்களா என்பதே கேள்வி. காசாளர் கையால் மாதம் 60 இலட்சம் போகிறது, சரிபார்க்க ஆளில்லை. ஆகவே அதுதான் முதலாவது. இயக்குநர் ஒருவர் தினமும் விற்பனையை வங்கி வைப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பவராக இருந்தால் அது கீழே இறங்கிவிடும்.

இலங்கைக் கணக்காய்வு நியமம் 265இன்படி, முக்கியமான குறைகளை ஆளுகைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு, இங்கே இயக்குநர் சபைக்கு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். சில்லறைக் காசு விஷயத்தை முகாமையாளரிடம் வாயால் சொன்னாலும் போதும்.

படி 2: குறையை எழுதுங்கள். கண்டது, அதனால் நேரக்கூடியது, பரிந்துரை என்ற ஒழுங்கில் இப்படி:

> காசு பெறுதல், வங்கியிலிடல், வங்கி இணக்கக் கூற்றுத் தயாரித்தல் ஆகியவற்றை ஒருவரே செய்கிறார். பெற்ற காசு வங்கிக்குப் போகாவிட்டாலோ தாமதமாகப் போனாலோ அது வெளிப்படாமல் இருக்கலாம். இணக்கக் கூற்றைக் கணக்கு எழுதுநர் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் தயாரித்து, இயக்குநர் ஒருவர் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடலாம்.

காசாளர் மீது சந்தேகம் தொனிக்கும் ஒரு சொல்லும் இதில் இல்லை. 'உள்ளகக் கட்டுப்பாட்டைப் பலப்படுத்தவும்' என்று எழுதினால் திங்கட்கிழமை காலையில் யார் எதைச் செய்வது? புது ஆள் எடுக்கச் சொல்வதும் நான்கு பேர் அலுவலகத்தில் எடுபடாது.

கடிதத்தில் ஒரு பந்தி கட்டாயம்: கணக்காய்வின் நோக்கம் நிதிக்கூற்றுகள் பற்றி அபிப்பிராயம் சொல்வதே, உள்ளகக் கட்டுப்பாட்டின் செயற்றிறன் பற்றிச் சொல்வதல்ல.

படி 3: பதிலை வாங்குங்கள். வரைவை அனுப்பி, யார் எப்போதைக்குள் திருத்துவார் என்று கேளுங்கள். "அவர் 15 வருஷமாக எங்களோடு இருக்கிற நம்பிக்கையான ஆள்" என்று பதில் வரலாம். சரி, அதையும் அப்படியே சேருங்கள். குறையை மட்டும் எடுத்துவிட வேண்டாம். அடுத்த வருடமும் அது அப்படியே இருந்தால் மறுபடி எழுத வேண்டும். தக்க காரணமில்லாமல் திருத்தாமல் விட்டிருந்தால், அதுவே தனியான ஒரு முக்கிய குறையாகலாம்.