நிலாவோட மறுபக்கத்துல ஏன் கருப்புத் திட்டு கம்மி? பதில் சொல்லும்போது நாம பண்ற தப்புகள்

சின்ன வயசுல நமக்கெல்லாம் நிலாவுல பாட்டி வடை சுடுறதைக் காட்டித்தான் சோறு ஊட்டினாங்க. அந்தப் பாட்டியா தெரியறது கருப்பான சமவெளிங்க, உருகின பாறை, அதாவது லாவா, பரவி உறைஞ்ச இடங்க. அந்தக் காலத்து ஆளுங்க கடல்னு நினைச்சதால லத்தீன்ல கடல்னு அர்த்தம் வர்ற மாரேங்கிற பேர் ஒட்டிக்கிச்சு, ஒரு சொட்டு தண்ணி அங்க கிடையாது. 1959 அக்டோபர்ல சோவியத்தோட லூனா-3 நிலாவைச் சுத்திப் போய் மறுபக்கத்தை முதல்முதலா படம் எடுத்துச்சு, பாத்தா அங்க பாட்டியே இல்ல. நமக்குத் தெரியற பக்கத்துல கிட்டத்தட்ட 31 சதவீதம் இந்தக் கருப்புச் சமவெளி, மறுபக்கத்துல சுமார் 2 சதவீதம்தான்.

ஏன் இப்படின்னு நிறைய பேர் கேக்கறாங்க, பதிலும் நிறைய சுத்துது. நான் மாடியில பைனாகுலர் வெச்சு பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு நிலா காட்டும்போது பெரியவங்க வந்து சொல்ற விளக்கம் பாதிக்கு மேல தப்பாத்தான் இருக்கும். தப்பு எங்க நடக்குதுன்னு தெரிஞ்சாதான் சரியான பதில் எவ்வளவு அழகானதுன்னு புரியும், அதனால தப்புலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல சீக்கிரம் முடிச்சிடக்கூடிய ஒன்னு. மறுபக்கத்தை இருட்டுப் பக்கம்னு சொல்றது. அங்கயும் சுமார் ரெண்டு வாரம் பகல், ரெண்டு வாரம் ராத்திரி, நமக்கு அமாவாசைன்னா அங்க முழு வெயில். இந்தப் பேரால வர்ற குழப்பம் என்னன்னா, மறுபக்கம்தான் கருப்பா இருக்கும்னு ஆளுங்க நினைச்சுக்கறாங்க, நிஜத்துல அதுதான் வெளுத்த பக்கம். அப்புறம் தென்துருவத்தையும் மறுபக்கத்தையும் ஒன்னுன்னு போட்டுக் குழப்பிக்கறது. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 இறங்கினது தென்துருவத்துப் பக்கம், ஆனா நமக்குத் தெரியற பாதியிலதான், அதனாலதான் லேண்டரால பூமியோட நேரா பேச முடிஞ்சுது.

அடுத்தது "பூமி குடை மாதிரி மறைச்சுக்கிச்சு, அதனால விண்கல்லெல்லாம் அந்தப் பக்கமே விழுந்துச்சு"ங்கிற விளக்கம். கேக்க ரொம்ப நியாயமா இருக்கும், ஆனா கணக்குப் போட்டா நிக்காது. நிலாவுல நின்னு பாத்தா பூமி வானத்துல சுமார் 2 டிகிரி அகலம்தான், நாம பாக்கற நிலாவைப் போல நாலு மடங்கு அகலம், அவ்வளவுதான். மொத்த வானத்துல அது பத்தாயிரத்துல ஒன்னு ரெண்டு பங்கு. ஆரம்பத்துல நிலா பூமிக்கு ரொம்பக் கிட்ட இருந்துச்சேன்னு கேப்பீங்க, சரி, இப்ப இருக்கிற தூரத்துல கால்வாசியில இருந்ததா வெச்சுக்கங்க, அப்பவும் பூமி மறைக்கிற பங்கு 16 மடங்கு கூடும், ஆயிரத்துல ரெண்டு பங்குதான் ஆகும். அதை வெச்சு குடைன்னு சொல்ல முடியாது. மறுபக்கத்துல பள்ளம் நிறைய தெரியறதுக்குக் காரணம் வேற: இந்தப் பக்கமும் அதே மாதிரி அடி வாங்கிச்சு, ஆனா பின்னாடி வந்த லாவா நிறைய பள்ளத்தை மூடிடுச்சு, அந்தப் பக்கம் மூட ஆளில்ல. காரணத்தையும் விளைவையும் தலைகீழா பிடிச்சுக்கறோம்.

இன்னொன்னு நல்லா படிச்சவங்களே சொல்றது: பெரிய விண்கல் மோதுச்சு, அந்தச் சூட்டுல பாறை உருகி அதே பள்ளத்துல உறைஞ்சு கருப்பாச்சு. மோதின சூட்டுல பாறை உருகறது உண்மைதான். ஆனா நாம பாக்கற கருப்பு அது இல்ல. மாரே இம்ப்ரியத்தை எடுத்துக்கங்க, பௌர்ணமியன்னிக்கு மேல் பாதியில இடப்பக்கமா தெரியற பெரிய வட்டம், 1,100 கி.மீ.க்கு மேல அகலம். அந்தப் பள்ளத்தை உண்டாக்கின மோதல் சுமார் 390 கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. 1971ல அப்போலோ-15 அதோட ஓரத்துல இறங்கி கொண்டுவந்த எரிமலைப் பாறையை ஆராய்ச்சிக்கூடத்துல அளந்தா வயசு 330 கோடி. நடுவுல 60 கோடி வருஷம்! மோதல்ல உருகினது அவ்வளவு காலம் ஆறாம காத்திருக்காது. ஆக, பள்ளம் ஒரு பாத்திரம் மட்டும்தான், அதை ரொப்பின லாவா ரொம்ப நாள் கழிச்சு ஆழத்துல தனியா உருகி விரிசல் வழியா மேல வந்தது. இதைப் பிரிச்சுப் பாக்காம விட்டா கேள்வியே மாறிடும். மறுபக்கத்துல பாத்திரத்துக்குப் பஞ்சமே இல்ல, கொரோலெவ்னு 400 கி.மீ.க்கு மேல அகலமான பள்ளம் இருக்கு, உள்ள கருப்பே கிடையாது. ஆக "பாத்திரம் இருந்தும் ஏன் ரொம்பல"ன்னு கேக்கறதுதான் சரி.

இப்ப எல்லாரும் சொல்ற அந்த பதிலுக்கு வரேன்: மறுபக்கத்துல மேலோடு தடிமன், அதனால லாவா வெளிய வரல. இது தப்பில்ல. 2012ல நாசாவோட கிரெய்ல்ங்கிற ரெண்டு விண்கலங்க ஒன்னு பின்னாடி ஒன்னு பறந்து ஈர்ப்பு விசையை அளந்ததுல மேலோட்டோட தடிமன் நல்லா தெரிஞ்சுது, மறுபக்க மேட்டு நிலத்துல பல இடத்துல 50 கி.மீ.க்கு மேல, இந்தப் பக்கம் பல இடத்துல 30ஐ ஒட்டி. ஆனா தடிமன் எப்படி தடுக்குதுன்னு கேட்டா "நீளமான குழாய், ஏற முடியல"ன்னு சொல்லி விட்டுடுவாங்க. விஷயம் நீளம் இல்ல, கனம்.

நிலாவோட மேலோடு வெளுப்பான, லேசான பாறை. கன மீட்டருக்கு சுமார் 2,600 கிலோன்னு வெச்சுக்கலாம். அதுக்குக் கீழ இருக்கிற மேன்டில் பாறை சுமார் 3,300. நடுவுல உருகி வர்ற குழம்பு சுமார் 2,900. மேன்டிலுக்குள்ள இருக்கிற வரைக்கும் குழம்பு சுத்தியிருக்கிற பாறையை விட லேசு, தண்ணிக்குள்ள அமுக்கின கட்டை மாதிரி மேல போகும். மேலோட்டைத் தொட்டதும் கதை மாறிடுது, இப்ப குழம்புதான் கனம், சுத்தி இருக்கிறது லேசு. அதுக்கு மேல ஏறணும்னா கீழேர்ந்து வர்ற தள்ளல்தான் துணை. கணக்கு ஈசி: மேன்டில்ல ஒவ்வொரு கி.மீ.க்கும் 400 லாபம், மேலோட்டுல ஒவ்வொரு கி.மீ.க்கும் 300 நஷ்டம். 30 கி.மீ. மேலோடுன்னா நஷ்டம் 9,000, அதை ஈடுகட்ட கீழ 22 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல ஒரே தொடர்ச்சியான குழம்பு நிக்கணும். 50 கி.மீ.ன்னா நஷ்டம் 15,000, கிட்டத்தட்ட 38 கி.மீ. தேவை. அவ்வளவு உசர விரிசல் அறுந்துபோகாம திறந்து இருந்தாதான் தரைக்கு வரும், இல்லேன்னா பாதி வழியிலேயே நின்னு உறைஞ்சிடும். இது எளிமைப்படுத்தின கணக்குதான், பாறையோட இறுக்கம், குழம்புல இருக்கிற வாயு எல்லாத்தையும் விட்டுட்டேன், ஆனா 20 கி.மீ. தடிமன் வித்தியாசம் எவ்வளவு பெரிய வித்தியாசம்னு இதுலயே தெரியும். மறுபக்கத்துல கருப்பு இருக்கிற இடங்களும் இதோட ஒத்துப்போகுது: மாரே மாஸ்கோவியன்ஸ்ங்கிற படுகையோட அடியில மேலோடு கிட்டத்தட்ட இல்லவே இல்லங்கிற அளவுக்கு மெல்லிசு, அங்க லாவா ரொம்பியிருக்கு.

இங்கயே நிறுத்திடறதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா மறுபக்கத்துல தென்துருவ-எய்ட்கன் படுகைன்னு ஒன்னு இருக்கு. சுமார் 2,500 கி.மீ. அகலம், நிலாவுல நமக்கு நிச்சயமா தெரிஞ்ச படுகைகள்லயே பெருசு. தரை ரொம்பத் தாழ்வு, நிறைய இடத்துல மேலோடு 20 கி.மீ.க்கும் கம்மி. நாம மேல போட்ட கணக்குப்படி லாவா இங்க ஆறா ஓடியிருக்கணும். ஓடல! அங்கங்க திட்டுத்திட்டா கொஞ்சம் இருக்கு, இம்ப்ரியம் மாதிரி ஒரு கடல் இல்ல. பூமி ஈர்த்து லாவாவை இந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு சிலர் சொல்றாங்களே, அதுக்கும் இந்தப் படுகை பதில் சொல்லிடுது, தாழ்வான தரையும் மெல்லிசான மேலோடும் இருந்தும் ரொம்பலைன்னா குறை கீழ இருக்கு. கீழ உருகினதே கம்மி.

ஏன் கம்மி? 1998ல லூனார் ப்ராஸ்பெக்டர் தோரியம் எங்க இருக்குன்னு வரைபடம் போட்டப்ப அது நிலா முழுக்க சமமா பரவல, இந்தப் பக்கத்துல இம்ப்ரியத்தையும் பக்கத்துல இருக்கிற ஓஷியானஸ் ப்ரொசெல்லாரம்ங்கிற பெரிய கருப்புச் சமவெளியையும் சுத்திக் குவிஞ்சு கிடந்துச்சு. தோரியம் குவிஞ்ச இடத்துல இருக்கிறது பொட்டாசியம், அரிமண் தனிமங்கள், பாஸ்பரஸ் கலந்த ஒரு பாறைச் சரக்கு, ஆங்கில எழுத்துகளைச் சேத்து க்ரீப்னு சொல்வாங்க, நிலா உருகிக் கிடந்து உறைஞ்சப்ப எந்தத் தாதுவுலயும் சேராம கடைசியா மிஞ்சின கசடு. இதுல தோரியமும் யுரேனியமும் கூடவே இருக்கிறதால கதிரியக்கச் சூடு கோடிக்கணக்கான வருஷம் மெதுவா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். ஆக இந்தப் பக்கம் அடியில அடுப்பு எரிஞ்சுச்சு, மேல மூடியும் மெல்லிசு. அந்தப் பக்கம் ரெண்டும் சாதகமா இல்ல.

இதையும் மந்திரமா எடுத்துக்கக் கூடாது. சீனாவோட சாங்இ-6 2024 ஜூன்ல அதே எய்ட்கன் படுகைக்குள்ள இருக்கிற அப்போலோ படுகையில இறங்கி 1,935.3 கிராம் மண்ணைக் கொண்டுவந்துச்சு, மறுபக்கத்துலேர்ந்து மனுஷன் கைக்கு வந்த முதல் மண்ணு. அதுல இருந்த எரிமலைப் பாறைத் துணுக்குகளுக்கு வயசு சுமார் 280 கோடி, அது உருகி வந்த இடத்துல க்ரீப் சரக்கு ரொம்பக் கம்மின்னு தெரிஞ்சுது. அப்ப க்ரீப் இல்லாமலும் கொஞ்சம் உருகி வந்திருக்கு, அதுவும் அவ்வளவு பிந்தி. மறுபக்கத்துல எரிமலையே இல்லன்னு சொல்றதும் இதோட போச்சு. ஆனா க்ரீப் ஏன் ஒரே பக்கம் சேந்துச்சு, மேலோடு ஏன் ஒரே பக்கம் தடிச்சுதுங்கிறது இன்னும் முடியாத வழக்கு. எய்ட்கன் மோதலோட சூடு தள்ளிவிட்டுச்சுன்னு ஒரு கருத்து, புதுசா பிறந்து கொதிச்சுக்கிட்டிருந்த பூமி இந்தப் பக்கத்தைக் காய்ச்சிக்கிட்டே இருந்துச்சுன்னு ஒரு கருத்து, சின்ன இன்னொரு நிலா மெதுவா மோதி மறுபக்கத்துல அப்பிக்கிச்சுன்னு 2011ல வந்த ஒரு கருத்து. இதுல ஒன்னை எடுத்து "விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிட்டாங்க"ன்னு போடறவங்களை நம்பாதீங்க.

இதெல்லாம் ஒரே இடத்துல பாக்கணும்னா ஓரியன்டேல் படுகையைத் தேடுங்க. ரெண்டு பக்கத்துக்கும் எல்லையில, நிலா விளிம்புல இருக்கு, நிலா லேசா ஆடறப்ப டெலஸ்கோப்ல ஓரமா எட்டிப் பாக்கும். சுமார் 930 கி.மீ. அகலம், வளையத்துக்குள்ள வளையம். நடுவுல மட்டும் கொஞ்சம் கருப்பு, வளையங்களுக்கு இடையில மெல்லிசா கீத்துக் கீத்தா ரெண்டு மூணு. இம்ப்ரியத்துல லாவா உள் வளையங்களை மூடி, அங்கங்க தனி மலையா மட்டும் தலை நீட்டுது, இங்க வளையம் அப்படியே நிக்குது, பாதி ரொம்பி நின்னுபோன பாத்திரம்.