ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பக் கடிதம்: செய்ததைச் செய்தபடியே எழுதுவது எப்படி?

ஹெச்.ஆர். வேலைக்கு வரும் விண்ணப்பக் கடிதங்களைப் படிப்பது சில வருடங்களாக என் பொறுப்பு. அதில் ஒரு வேடிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் ரெஸ்யூமேயைப் புரட்டி, "இவர் என்னதான் வேலை பார்த்தார் என்றே தெரியவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள், தங்கள் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் அதே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

தெரிந்த பெண் ஒருவர் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டிய கடிதம் இப்படித் தொடங்கியது: "எண்ட் டு எண்ட் ரெக்ரூட்மென்ட், ஆன்போர்டிங், எம்ப்ளாயி என்கேஜ்மென்ட், கிரீவன்ஸ் ஹேண்ட்லிங் ஆகியவற்றில் 3 ஆண்டு அனுபவம் உண்டு. ஸ்டேக்ஹோல்டர்களுடன் இணைந்து மேன்பவர் தேவைகளை உரிய நேரத்தில் பூர்த்தி செய்துள்ளேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த பத்துக் கடிதங்களிலும் இதே இரண்டு வரிதான் இருக்கும். அவரை உட்கார வைத்து அந்தக் கடிதத்தைத் திருத்தியதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு ஆள் எடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்

மூன்று வருடத்தையும் சுருக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கூடவே இருந்த ஒரு ஆள் எடுப்பைத் தேர்ந்தெடுங்கள். யார் வந்து ஆள் வேண்டும் என்று கேட்டார், எத்தனை பேர், எத்தனை ரெஸ்யூமே வந்தது, எத்தனை பேரிடம் போனில் பேசினீர்கள், இன்டர்வியூவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஆஃபர் எத்தனை பேருக்குப் போனது, சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்தான்.

அந்தப் பெண்ணின் தாளில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் குழுவுக்கு 12 பேர் தேவை என்று இருந்தது. 70 பேரிடம் போனில் பேசியிருக்கிறார். 31 பேர் இன்டர்வியூவுக்கு வந்தார்கள், 16 பேருக்கு ஆஃபர் லெட்டர் போனது, 11 பேர் சேர்ந்தார்கள்.

"12 கேட்டதற்கு 11 வந்ததை எழுதலாமா?" என்று தயங்கினார். எனக்கோ அந்தத் தாளில் வேறொரு இடம்தான் கண்ணில் பட்டது. ஆஃபர் வாங்கிய 5 பேர் ஏன் வரவில்லை?

"நானே போன் போட்டுக் கேட்டேன்" என்றார், அது ஒரு சாதாரண விஷயம் என்பதுபோல. மூன்று பேர் ஒரே காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் போனில் பேசும்போது "ஷிஃப்ட் மாறி மாறி வரும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாதத்தில் இரண்டு வாரம் இரவு வேலை என்பது ஆஃபர் லெட்டரைப் படித்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை ஆள் எடுத்தபோது இரவு வேலையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். 64 பேரிடம் பேசியதில் 20 பேர்தான் இன்டர்வியூவுக்குச் சம்மதித்தார்கள். அதில் 10 பேருக்கு ஆஃபர் போய், 9 பேர் சேர்ந்தார்கள்.

கடிதத்தின் முதுகெலும்பு இதுதான். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் குறைந்ததை மறைக்கத்தான் அவருக்குத் தோன்றியது. நான் விடவில்லை. வரமாட்டார்கள் என்பது முப்பது நாள் கழித்து சேரும் தேதியன்று தெரிவதைவிட முதல் போனிலேயே தெரிவது எவ்வளவோ மேல். ஆள் எடுத்துப் பழகிய எவருக்கும் அது புரியும்.

எண்களை எண்ணிக்கையாகவே விடுங்கள்

"சேர்பவர்கள் 69 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்ந்தார்கள்" என்று எழுத ஆசை வரும். கணக்கு சரிதான். ஆனால் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் என்றாலே பத்து சதவீதம். ஒருவருக்கு அன்று காய்ச்சல் வந்திருந்தால் உங்கள் 90, 80 ஆகியிருக்கும். "16 பேரில் 11, அடுத்து 10 பேரில் 9" என்றே எழுதுங்கள். அப்புறம், "என் மாற்றத்தால்" என்று எழுதாமல் "அதற்குப் பிறகு" என்று எழுதுங்கள். அந்த மாதம் வேறு காரணமும் இருந்திருக்கலாம் அல்லவா?

இரண்டாம் படி: யார் எதைச் செய்தார் என்று பிரியுங்கள்

"20 பேரைத் தேர்வு செய்தேன்" என்று இருந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். தேர்வு செய்வது பெரும்பாலும் அந்தக் குழுவின் மேனேஜர். எக்ஸிகியூட்டிவ் ரெஸ்யூமேக்களைப் பிரிக்கிறார், போனில் பேசுகிறார், நேரம் குறித்துக் கொடுக்கிறார், ஆஃபர் லெட்டரைத் தயார் செய்கிறார், சேரும் நாள்வரை தொடர்பில் இருக்கிறார். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வினைச்சொல்லை மட்டும் சரியாகப் போடுங்கள்: பேசினேன், அனுப்பினேன், பரிந்துரைத்தேன், கேட்டுச் சொன்னேன்.

மூன்றாம் படி: ஊழியர் பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள்

எழுதுபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். "ஊழியர்களுடன் நல்லுறவைப் பேணினேன்" என்று எழுதினால் பேசாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தீர்களோ என்றுதான் தோன்றும். யாராவது உங்கள் மேஜைக்கு வந்து ஒன்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எங்கே போய்ப் பார்த்தீர்கள், என்ன கிடைத்தது என்பதை எழுதுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான்கு பேர், தனித்தனியாக, ஓவர்டைம் பணம் பே ஸ்லிப்பில் குறைகிறது என்று வந்திருக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே குழு. அவர் வருகைப் பதிவையும் ஓவர்டைம் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். சம்பளக் கணக்குக்காக வருகைப் பதிவு 25ஆம் தேதி மூடப்படுகிறது. அந்தக் குழுவின் சூப்பர்வைசர் மட்டும் ஓவர்டைம் தாளில் மாதக் கடைசியில்தான் கையெழுத்துப் போடுகிறார். ஆகவே அந்த மாத ஓவர்டைம் முழுவதும் அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளிப்போகிறது. யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. சூப்பர்வைசரிடம் பேசி 24ஆம் தேதி மாலைக்குள் தாள் வரும்படி செய்தார். அதற்குப் பிந்தைய நாட்களின் ஓவர்டைம் அடுத்த மாதம் வரும் என்று வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினார்.

அந்த நால்வரில் ஒருவருக்கு இரண்டு நாள் ஓவர்டைமுக்கு ஒப்புதலே இல்லை. அது மேனேஜர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். "வியாழக்கிழமை பதில் சொல்கிறேன்" என்று அந்த ஊழியரிடம் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மேனேஜரிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்பதைச் சொல்லவே அந்த ஊழியரிடம் போயிருக்கிறார். இதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கோ அந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான்.

எதை எழுதக் கூடாது?

பாலியல் தொல்லை புகார், ஒழுங்கு நடவடிக்கை விசாரணை, ஒருவரின் உடல்நிலை, குடும்பச் சண்டை: இவற்றை எவ்வளவு நன்றாகக் கையாண்டிருந்தாலும் எழுதாதீர்கள். பெயர் போடவில்லையே என்பது போதாது. "இரவு ஷிஃப்டில் இருந்த ஒரே பெண் சூப்பர்வைசர்" என்று எழுதினால் பெயர் எழுதிய மாதிரிதான். பழைய அலுவலகத்தில் ஒருவர் படித்தால் "இது இன்னார்தானே" என்று சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியும் என்றால் எடுத்துவிடுங்கள். படிக்கும் நாங்களும், நாளைக்கு எங்கள் விஷயத்தையும் இப்படித்தான் எழுதுவாரோ என்று நினைப்போம். சம்பளம், லீவு, ஷிஃப்ட் போன்ற நடைமுறைச் சிக்கல்களில் இந்த ஆபத்து குறைவு.

நான்காம் படி: வார்த்தைகளைச் சலித்தல்

ஷிஃப்ட், பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர் எல்லாம் ஒரு பொருளின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். பத்து வேலைகளை ஒரே சொல்லால் மூடுகிற "ஆன்போர்டிங்" வகைதான் சிக்கல். ஆனால் ஒன்று. விளம்பரத்திலேயே அந்தச் சொல் இருந்தால் ஒரு தடவை போடுங்கள், பக்கத்திலேயே செய்த வேலையையும் எழுதுங்கள். கடிதங்களை முதலில் பிரிப்பவர் அந்தச் சொல்லைத் தேடக்கூடும்.

சரி, கடைசியில் கடிதம் இப்படி வந்தது:

> மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இதே பணியில் 3 ஆண்டுகளாக இருக்கிறேன்.
>
> ரெஸ்யூமேக்களைப் பிரிப்பது, போனில் முதலில் பேசுவது, ஆஃபர் லெட்டர் தயாரிப்பது, புதியவர் சேரும் நாள்வரை தொடர்பில் இருப்பது ஆகியவை என் வேலை. ஒருமுறை ஆஃபர் பெற்ற 16 பேரில் 11 பேரே சேர்ந்தார்கள். வராத ஐவரையும் அழைத்தேன். மூவர், இரவு வேலை இருப்பது முதலில் தெரியாது என்றார்கள். அடுத்த முறை அதை முதல் அழைப்பிலேயே சொன்னேன். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். ஆனால் ஆஃபர் பெற்ற 10 பேரில் 9 பேர் சேர்ந்தார்கள்.
>
> ஓவர்டைம் பணம் குறைவதாக ஒரே குழுவிலிருந்து நான்கு பேர் வந்தபோது, வருகைப் பதிவு மூடும் தேதிக்குப் பிறகே ஓவர்டைம் தாள் வருவதைக் கண்டேன். சூப்பர்வைசருடன் பேசி, தாள் வரும் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தோம். ஒருவரின் கோரிக்கை மேனேஜரின் முடிவுக்குப் போனது. பதில் சொல்வதாகச் சொன்ன நாளில் பதில் வராததால், அதையே அந்த ஊழியரிடம் நேரில் சொன்னேன்.
>
> ஒழுங்கு நடவடிக்கை விசாரணையைத் தனியாக நடத்திய அனுபவம் எனக்கு இல்லை, குறிப்பெடுப்பவராக இருந்திருக்கிறேன்.
>
> நேரில் பேச வாய்ப்பளித்தால் மகிழ்வேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், தொலைபேசி எண்)

கடைசிக்கு முந்தைய பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். விளம்பரத்தில் அந்த வேலையும் கேட்டிருந்தார்கள். இன்டர்வியூவில் எப்படியும் வெளியே வரும் என்பதால் இருக்கட்டும் என்றேன்.

அனுப்புவதற்கு முன்

இந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் "அப்படின்னா?" என்று கேட்கிற இடத்தைத் திருத்துங்கள். முதல் படியில் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பெண்ணை இன்டர்வியூவில் கேட்ட முதல் கேள்வியே, "மூன்று பேர் சரி, மீதி இரண்டு பேர் ஏன் வரவில்லை?" என்பதுதான். ஒருவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, இன்னொருவர் கடைசிவரை போனை எடுக்கவே இல்லை என்று தாளில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்.