வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால்: எழுதி வைப்பதில் நடக்கும் தவறுகள்

கும்பகோணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை, மதியம் ஒன்றரை மணி, பந்தி நிறைய ஆள். கை கழுவிவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா வழுக்கி விழுகிறார். முதலில் அவரைக் கவனிக்க வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த நிமிடமே பையன் மாப்போடு ஓடி வருவான். அவனைத் தடுக்காமல் விடுவதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. தரை எப்படி இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியை அவன் துடைத்துவிடுவான். யாரும் அங்கே மிதிக்காதபடி ஒருவரை நிறுத்திவிட்டு, கிட்டே ஒன்றும், வாஷ்பேசின் முதல் மேசை வரை தெரியும்படி தூரத்தில் ஒன்றும் படம் எடுங்கள். அப்புறம் துடைக்கலாம்.

"தரை ஈரமாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. குழாயிலிருந்து தெறித்த தண்ணீரா, குடையிலிருந்து வடிந்த மழைநீரா, சிந்திய ரசமா? எவ்வளவு அகலம்? அதன் மேல் பலருடைய சேற்றுத் தடம் இருந்ததா? தடம் நிறைய இருந்தால் தண்ணீர் வெகுநேரமாகவே அங்கே கிடந்திருக்கலாம். பின்னால் கேள்வி வரும்போது இதைத்தான் நோண்டுவார்கள். அதனால் கடைசியாக யார், எத்தனை மணிக்குத் துடைத்தார் என்பதையும் சேருங்கள். துப்புரவு அட்டையில் அந்த நேரம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். இப்போது நிரப்புவது பொய்க்கணக்கு.

எச்சரிக்கைப் பலகையிலும் இதே கதைதான். "பலகை இருந்தது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் கடையில் அது வாசலைப் பார்த்து நின்றது என்று வையுங்கள். அந்த அம்மாவோ வாஷ்பேசின் பக்கமிருந்து வந்தார், அவர் கண்ணில் பட்டது அதன் முதுகு. ஆகவே இப்படி எழுத வேண்டும்: "பலகை ஒன்று, விழுந்த இடத்திலிருந்து சுமார் எட்டடி, வாசலை நோக்கி. வாஷ்பேசினிலிருந்து வருபவருக்கு எழுத்து தெரியாது." பலகையே இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். விழுந்த பிறகு கொண்டுவந்து வைத்துப் படம் எடுத்தால் கடையின் கண்காணிப்புக் கேமராவே காட்டிக்கொடுத்துவிடும்.

"அவசரமாக நடந்தார்", "கவனக்குறைவு" என்பதெல்லாம் உங்கள் தீர்ப்பு. அதை எழுதாதீர்கள். "ரப்பர் செருப்பு, அடிப்பகுதி நனைந்திருந்தது" என்று கண்டதை எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தில் பார்த்தவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டும்.

கேமராப் பதிவை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். டிஸ்க் நிறைந்ததும் பழையது அழிந்து அதன்மேல் புதியது பதிவாகும். விழுந்த நொடி மட்டும் போதாது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்தே வேண்டும். தண்ணீர் எப்போது சிந்தியது என்பது அதில்தான் தெரியும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. குறைந்தது அதுவரை குறிப்பு, படம், பதிவு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.