அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வரி

கார் புக் செய்யும் முன்போ வேலை மாறும் முன்போ, "எது நடந்தால் என் முடிவு தவறு" என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். "ஊருக்குள் மைலேஜ் 15க்குக் கீழே போனால் தவறு." "சொன்ன புராஜெக்ட் 6 மாதத்தில் கைக்கு வராவிட்டால் வேறு வேலை தேடுவேன்." இப்படி, அளந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பணம் கொடுத்ததும் மனம் அளவுகோலையே மாற்றிவிடும். 1956-இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், ஏறக்குறைய சமமாகப் பிடித்த இரண்டு வீட்டு உபயோகப் பொருட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள், அதைப் பயன்படுத்தும் முன்பே, எடுத்ததற்குக் கூடுதலாகவும் விட்டதற்குக் குறைவாகவும் மதிப்பெண் போட்டார்கள். கார் 12 கொடுத்தால், "மைலேஜ் கிடக்கட்டும், சீட் எவ்வளவு வசதி!" என்று தோன்றும். தாளில் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், அந்தக் காரணம் பிறகு முளைத்தது. வேலையில் இது இன்னும் முக்கியம், அங்கே சமாதானம் வருடக்கணக்கில் நீளும்.

பதிவு முடிந்த மனை போல, திரும்ப முடியாத முடிவுக்கு இது வேண்டாம். அங்கே மனம் சொல்லும் சமாதானம் நல்லதுதான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பது போல நிலைமையே மாறினால், பழைய வரியை அடிக்காமல் கீழே புதுத் தேதியோடு எழுதுங்கள்.