மெயின்டனன்ஸ் பில்லைப் படிப்பதும் பங்கு போடுவதும்: பத்து வீட்டு அபார்ட்மென்ட் ஒன்றின் கணக்கு

மாதம் பிறந்ததும் அபார்ட்மென்ட் குழுவில் பில் வந்து விழும். நிறையப் பேர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். தொகை திடீரென்று ஏறும் மாதத்தில்தான் பேச்சு கிளம்பும். சின்ன வீட்டுக்காரர்கள் "சதுர அடிப்படி போடுங்கள்" என்பார்கள், பெரிய வீட்டுக்காரர்கள் "எல்லாருக்கும் சமம்தான் நியாயம்" என்பார்கள். பில்லில் இருக்கும் ஒவ்வொரு செலவும் எதனால் கூடுகிறது என்று பார்த்தால் இந்தப் பேச்சு பாதி குறைந்துவிடும்.

ஒரு மாதிரிக் கட்டடத்தை வைத்துப் பார்ப்போம். சென்னையில் 2 கிரவுண்ட் நிலத்தில் லிஃப்ட்டோடு பத்து வீடுகள். ஆறு வீடுகள் 900 சதுர அடி, நான்கு வீடுகள் 1,350 சதுர அடி. மொத்தம் 10,800 சதுர அடி. கீழே வரும் தொகைகள் கணக்கு எளிதாக இருக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கட்டடத்துத் தொகைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள்

உங்களுக்கு வருவது வீட்டு பில். "முன் பாக்கி, இந்த மாதம், தாமதக் கட்டணம், மொத்தம்" என்று நான்கைந்து வரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கணக்கு சரியா என்று சொல்ல முடியாது. கட்டடத்தின் மொத்தச் செலவுப் பட்டியலும் வேண்டும். பொருளாளரிடம் கேளுங்கள், உறுப்பினர் என்ற முறையில் அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் கட்டடத்தில் அது இப்படி இருக்கிறது:

- வாட்ச்மேன் சம்பளம்: 16,000
- பெருக்கித் துடைப்பவர், குப்பை: 6,000
- லிஃப்ட் ஏ.எம்.சி: 3,500
- பொது ஈபி: 7,200
- லாரித் தண்ணீர்: 9,000
- ஜெனரேட்டர் டீசல்: 1,400
- பல்பு, பிளம்பர், சில்லறை: 1,500
- சிங்கிங் ஃபண்ட்: 4,000

கூட்டினால் 48,600 ரூபாய்.

வீட்டு பில்லில் முதலில் பார்க்க வேண்டியது "முன் பாக்கி". 1-ஆம் தேதி காலையில் பில் போட்டு, நீங்கள் அன்று மாலை பணம் அனுப்பியிருந்தால் அது அடுத்த பில்லில்தான் வரவாகும். அதுவரை பாக்கி நிற்பதாகத்தான் தெரியும். அது தவறில்லை. ஆனால் அந்தப் பாக்கிக்குத் தாமதக் கட்டணம் போட்டிருந்தால் கேட்க வேண்டும். அதேபோல் போன மாதத் தாமதக் கட்டணத்தையும் அசலோடு சேர்த்து அதற்கு மேல் மறுபடி கட்டணம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பைலாவில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய அதைக் கட்ட வேண்டியதில்லை என்று வாதாடலாம்.

படி 2: மாதச் செலவையும் மற்றதையும் பிரியுங்கள்

தமிழ்நாட்டில் ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நம் கட்டடத்துக்கு வந்த பில் 14,400. அதை வந்த மாதத்திலேயே முழுதாகப் போட்டால் ஒரு மாதம் பில் எகிறும், அடுத்த மாதம் இறங்கும். இரண்டாகப் பிரித்து 7,200 என்று போடுவதுதான் ஒழுங்கு. "போன மாதம் குறைவாக இருந்ததே, இப்போது ஏன் இவ்வளவு?" என்ற கேள்விக்குப் பல கட்டடங்களில் இதுதான் பதில்.

லிஃப்ட் ஏ.எம்.சியும் அப்படித்தான். வருடத்துக்கு ஒரே தடவையாக 42,000 கட்டியிருந்தால் மாதத்துக்கு 3,500 என்று வரவேண்டும். 42,000-ஐ ஒரே மாதத்தில் போட்டு, அடுத்த மாதங்களிலும் 3,500 வசூலித்தால் இரண்டு முறை வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

பொது ஈபி ஏன் இவ்வளவு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் பொது இணைப்புக்குக் கிடையாது, அதற்குத் தனிக் கட்டண வகை. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் கட்டடங்களுக்கு 2023-இல் இந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள். நம் மாதிரிக் கட்டடத்தில் பத்தே வீடுகள்தான், ஆனால் லிஃப்ட் இருப்பதால் அந்தச் சலுகை இல்லை. உங்கள் கட்டடம் தகுதியானதாக இருந்தால் ஈபி பில்லில் எந்தக் கட்டண வகை போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: எந்தச் சதுர அடி?

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 900 சதுர அடி என்பது சுவருக்குள் நடக்கும் இடமா, சுவர் சேர்ந்ததா, படிக்கட்டு, லாபி பங்கும் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப்பா? எதுவாக இருந்தாலும் பெரிய மோசமில்லை, பத்து வீட்டுக்கும் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒருவர் பில்டர் விளம்பரத்தில் போட்ட அளவையும் இன்னொருவர் பத்திரத்தில் உள்ள அளவையும் கொடுத்திருந்தால்தான் கணக்கு கோணும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் யூ.டி.எஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, சதுர அடியில் எழுதியிருக்கும். பத்து வீட்டு யூ.டி.எஸ்ஸையும் கூட்டினால் மனையின் அளவு வரவேண்டும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஆக நமக்கு 4,800. சின்ன வீட்டுக்குத் தலா 400, பெரிய வீட்டுக்குத் தலா 600 என்றால் 2,400 + 2,400 = 4,800. சரியாக வந்துவிட்டது. கூட்டல் குறைந்தால், பில்டர் கொஞ்சம் பங்கைத் தன் பெயரிலேயே வைத்திருக்கலாம். கூடினால், ஏதோ ஒரு பத்திரத்தில் பிழை. மெயின்டனன்ஸுக்காகத் தொடங்கிய வேலையில் இப்படி ஒன்று வெளிப்பட்டால் அதை வக்கீலிடம் தனியாகக் காட்டுவது நல்லது.

படி 4: இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள்

சமமாகப் பிரித்தால் 48,600 ÷ 10 = வீட்டுக்கு 4,860.

பரப்பளவுப்படி என்றால் 48,600 ÷ 10,800 = சதுர அடிக்கு 4.50. சின்ன வீட்டுக்கு 4,050, பெரிய வீட்டுக்கு 6,075.

முறையை மாற்றினால் சின்ன வீட்டுக்கு 810 ரூபாய் குறைகிறது, பெரிய வீட்டுக்கு 1,215 ரூபாய் ஏறுகிறது. கூட்டத்தில் சத்தம் வருவது இந்த இரண்டு எண்களுக்காகத்தான்.

படி 5: செலவுக்குச் செலவு பிரியுங்கள்

முழு பில்லையும் ஒரே முறையில் போட வேண்டும் என்று யார் சொன்னது? வாட்ச்மேன் 1,350 சதுர அடி வீட்டை ஒன்றரை மடங்கு காவல் காப்பதில்லை. வாசல் ஒன்று, கேட் ஒன்று. பெருக்குவது, பொது விளக்கு, ஜெனரேட்டர், சில்லறைச் செலவு எல்லாம் அதே ரகம்தான். வீட்டின் அளவு கூடுவதால் இவை கூடுவதில்லை, ஆகவே சமமாகப் போடலாம்.

லிஃப்ட்டையும் இதில்தான் சேர்ப்பேன். "நாங்கள் தரைத்தளம், லிஃப்ட் ஏறுவதே இல்லை" என்பார்கள். ஆனால் லிஃப்ட் எல்லாருக்கும் பொதுவான சொத்து. பயன்படுத்தாதவர் கட்ட வேண்டாம் என்று தொடங்கினால், மொட்டை மாடி ஒழுகும்போது தரைத்தளத்தாரும், கார் பார்க்கிங் தரை உடையும்போது கார் இல்லாதவரும் அதையே சொல்வார்கள். அப்புறம் பில்லே போட முடியாது.

சமமாகப் போடும் தொகை: 16,000 + 6,000 + 3,500 + 7,200 + 1,400 + 1,500 = 35,600. வீட்டுக்கு 3,560.

சிங்கிங் ஃபண்ட் வேறு வகை. பெயின்ட், மாடி வாட்டர்ப்ரூஃபிங், லிஃப்ட் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்காகச் சேர்க்கும் பணம் அது. கட்டடத்தின் மதிப்பைக் காப்பாற்றும் செலவு, அந்த மதிப்பில் பெரிய வீட்டுக்குப் பெரிய பங்கு. அதனால் பரப்பளவு அல்லது யூ.டி.எஸ்படி போடுவதுதான் சரி. 4,000 ரூபாயில் சின்ன வீட்டுக்கு 333.33, பெரிய வீட்டுக்கு 500.

தண்ணீர் இந்த இரண்டிலும் அடங்காது. பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும் இருப்பார்கள், சின்ன வீட்டில் ஐந்து பேர். மீட்டர் இருந்தால் மீட்டர்படி போடுங்கள். இல்லையென்றால் ஆள் கணக்கு. நம் கட்டடத்தில் 30 பேர், 9,000 ÷ 30 = ஆளுக்கு 300. ஆள் எண்ணிக்கையை வருடத்துக்கு இரண்டு தடவை எழுதி வாங்கினால் போதும். வாரம் தங்கிப்போகும் மாமனார், மாமியாரை எல்லாம் எண்ண ஆரம்பித்தால் உறவு கெடும்.

இப்போது இரண்டு பேர் இருக்கும் சின்ன வீட்டுக்கு 3,560 + 333 + 600 = 4,493. நான்கு பேர் இருக்கும் பெரிய வீட்டுக்கு 3,560 + 500 + 1,200 = 5,260. பூட்டிக் கிடக்கும் சின்ன வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, ஆனால் மீதி 3,893 உண்டு. வீடு பூட்டியிருந்தாலும் வாட்ச்மேன் காவல் இருக்கத்தான் செய்கிறார்.

படி 6: ஷீட்டில் ஏற்றுங்கள்

B2 முதல் B11 வரை சதுர அடி, C2 முதல் C11 வரை ஆள் எண்ணிக்கை. D2-வில் இதைப் போட்டு D11 வரை இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(35600/10 + 4000*B2/SUM(B$2:B$11) + 9000*C2/SUM(C$2:C$11), 0)
```

டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் இழுத்தால் கீழே போகப் போக மொத்தமும் சுருங்கி, கடைசி வீட்டுக்காரர் தலையில் சிங்கிங் ஃபண்ட் 4,000-மும் தண்ணீர் 9,000-மும் முழுதாக விழும்.

D12-இல் `=SUM(D2:D11)` போட்டுப் பாருங்கள். 48,600-க்கு ஓரிரு ரூபாய் முன்பின் வரும். ஆறு சின்ன வீட்டிலும் 33 பைசாவை விட்டதால் இங்கே 48,598 வருகிறது. இரண்டு ரூபாயைச் சில்லறைக் கணக்கில் தள்ளிவிடலாம். வித்தியாசம் நூறு, ஆயிரம் என்று போனால் டாலர் குறி விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு வீட்டு வரியில் ஃபார்முலா விடுபட்டிருக்கிறது. ஒரு வீட்டின் அளவோ ஆள் எண்ணிக்கையோ விடுபட்டால் இந்தக் கூட்டலில் தெரியாது, அவற்றைத் தனியாகச் சரிபாருங்கள்.

மாற்றுவதற்கு முன்

இந்தக் கலப்பு முறை எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், உங்கள் சங்கத்தின் பதிவான பைலா என்ன சொல்கிறது என்பதுதான் முதலில். தமிழ்நாட்டில் 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பைலா பழையது என்றால் அதையும் புதிய சட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுச் செலவு யூ.டி.எஸ் விகிதப்படி என்று பைலாவில் எழுதியிருந்தால் செகரட்டரி தன் இஷ்டத்துக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. பொதுக்குழுவைக் கூட்டி, இரண்டு முறையிலும் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, பைலா சொல்லும் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டு, எந்த மாதத்திலிருந்து நடைமுறை என்பதையும் மினிட்ஸில் எழுத வேண்டும். பழைய மாதங்களுக்குத் திரும்பக் கணக்குப் போடுவதில்லை என்று அதே தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் 2019-இலிருந்து வித்தியாசத்தைக் கேட்டு ஒருவர் காகிதத்தோடு வந்து நிற்பார்.